மிளகு அகூட்டியா, செம்பட்டை அடித்த கறுப்பா? படம் பார்த்து நிறம் சொல்லுங்கள்

நிரோஷா (வெள்ளவத்தை)

வணக்கம். என்னிடம் சீனி, மிளகு என்று இரண்டு எலிகள் இருக்கின்றன, இரண்டும் பெட்டைகள். கடையில் தரும்போது ஒன்றை ‘அகூட்டி ஹூடட்’ என்றும் மற்றதை ‘அகூட்டி செல்ஃப்’ என்றும் சொன்னார்கள். சீனி ஹூடட்தான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. தலையும் தோளும் நிறம், முதுகு நடுவே ஒரு கோடு, மற்றதெல்லாம் வெள்ளை. பிரச்சினை மிளகு. வாங்கியபோது நல்ல இருட்டாக இருந்தாள், இப்போது முதுகும் விலாவும் பழுப்பாகிவிட்டன.

நாலு படம் போட்டிருக்கிறேன். முதலாவதில் இரண்டு பேரும் கட்டிலில், இரவு அறை பல்ப் வெளிச்சத்தில். இரண்டாவது மிளகு மட்டும், என் கறுப்பு டீசேர்ட் மேல். மூன்றாவது அவளைத் தூக்கி வயிற்றைக் காட்டி எடுத்தது. நாலாவது முகம், ஃபிளாஷ் போட்டு. தெஹிவளையில் ஒரு நண்பி தன் கடுவனோடு மிளகைச் சேர்க்கக் கேட்கிறாள், குட்டிகள் என்ன நிறத்தில் வரும் என்று அவளுக்கு அறிய ஆசை. அதற்கு முதல் மிளகு என்ன நிறம் என்று தெரியவேண்டுமே.

ரவி (கொட்டாஞ்சேனை)

தங்கச்சி, இது சுலபம். வயிற்றைப் பாருங்கள். செல்ஃப் கறுப்பென்றால் வயிறும் கறுப்பு. பொன்னும் கறுப்பும் தூவிய பழுப்புத்தான் அகூட்டி, அதற்கு வயிறு வெளிறி இருக்கும். மூன்றாவது படத்தில் வயிறு வெள்ளை, அப்போ அகூட்டி. கடைக்காரர் சொன்னது சரிதான்.

திலக்‌ஷன்

எனக்கு இது மின்க் போல இருக்கு. அகூட்டி இப்படி ஒரே தட்டையான பழுப்பாக வராது. மின்க் சாம்பல் கலந்த பழுப்பு, வெளிச்சத்தில் லேசாக நீலம் அடிக்கும். முதலாம் படத்தில் தோள் பக்கம் அந்த மினுக்கம் தெரியுது.

பாத்திமா (தெஹிவளை)

நிரோஷா, வடிவான பிள்ளைகள். ரவி தம்பி சொன்ன வயிற்றுச் சோதனை நல்ல சோதனைதான், ஆனால் மிளகிடம் அது செல்லாது. ஏன் என்று சொல்கிறேன்.

எலியின் படத்தைப் பார்த்தால் நான் முதலில் நிறத்தைப் பார்ப்பதில்லை, வெள்ளை எங்கே தொடங்குகிறது என்று பார்ப்பேன். ஹூடட், பெர்க்‌ஷயர், செல்ஃப் எல்லாம் வெள்ளை எங்கே இருக்கிறது அல்லது இல்லை என்பதைச் சொல்கிற பெயர்கள். அகூட்டி, கறுப்பு, மின்க் எல்லாம் நிறம் உள்ள இடத்தில் அது என்ன நிறம் என்று சொல்கிற பெயர்கள். ஒரு எலிக்கு இரண்டிலிருந்தும் ஒவ்வொன்று வேண்டும். கடையில் இரண்டையும் கலந்து ஒரே பெயராகச் சொல்லிவிடுவார்கள், குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

இப்போது மூன்றாவது படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். விலாவில் பழுப்பும் வெள்ளையும் சந்திக்கிற இடம் கத்தியால் வெட்டினதுபோல இருக்கிறது. அகூட்டியின் வயிறு அப்படி இராது. அது வெள்ளி கலந்த சாம்பல், விலாவில் இறங்க இறங்க மெல்ல மெல்ல வெளிறி வரும், எங்கே மாறியது என்று விரல் வைக்க முடியாது. அந்த வெளிறிய முடியையும் ஊதிப் பார்த்தால் அடியில் சிலேட் நிறம் தெரியும். மிளகின் வயிற்று முடி அடிவரை வெள்ளையாக, தோல் இளஞ்சிவப்பாகத் தெரிகிறது. அது உடம்பின் கோலத்தால் வந்த வெள்ளை. கறுப்பு எலிக்கும் வரும், அகூட்டிக்கும் வரும், எந்த நிறத்துக்கும் வரும். ஆகவே வயிறு நிறத்தைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை. மிளகு செல்ஃப் இல்லை, மேலே நிறமும் வயிறு வெள்ளையுமான பெர்க்‌ஷயர் என்பதை மட்டும் சொல்கிறது. செல்ஃப் என்றால் நெஞ்சு, வயிறு, பாதம் எங்கும் வெள்ளை இருக்கக்கூடாது.

நிறத்துக்கு இந்தப் படங்கள் போதாது. நாளை பகலில் வேறு படம் எடுங்கள், எப்படி என்று எழுதுகிறேன்.

ரவி (கொட்டாஞ்சேனை)

அப்போ சீனியின் வயிறும் உதவாது என்கிறீர்கள். ஹூடட்டுக்கு எப்படியும் வயிறு வெள்ளைதானே.

பாத்திமா (தெஹிவளை)

ஓம் தம்பி, அதேதான். ஹூடட்டில் தலையும் தோளும் முதுகுக் கோடும்தான் நிறம் பார்க்கக் கிடைக்கிற இடம். சீனியின் தலையில் முதலாம் படத்திலேயே பொன்னும் கறுப்பும் தூவியதுபோலத் தெரிகிறது. அவள் அகூட்டி என்று தயங்காமல் சொல்வேன்.

சரி, நிரோஷா, படம். இரவு பல்ப் வேண்டாம், எல்லாவற்றையும் மஞ்சளாக்கி விடும். பகலில், மேகமூட்டமாக இருக்கும்போது, யன்னல் பக்கத்தில் அறை லைட்டை அணைத்துவிட்டு எடுங்கள். நேர் வெயில் வேண்டாம், அது முடியின் மேல் பளபளத்து கறுப்பையும் பழுப்பாகக் காட்டும். ஃபிளாஷும் அப்படித்தான்.

அடியில் விரிக்கிற துணி மிக முக்கியம். உங்கள் இரண்டாவது படம் கறுப்பு டீசேர்ட் மேல் எடுத்தது. படம் முழுக்க இருட்டாக இருந்தால் போன் தானாக வெளிச்சத்தைக் கூட்டும், அப்போது கறுப்பு எலியும் பழுப்பாக வெளிறும். வெள்ளை விரிப்பில் எடுத்தால் மறுபுறம், போன் வெளிச்சத்தைக் குறைத்து அகூட்டியைக் கூட கறுப்பாகக் காட்டும். சாம்பல் நிறத் துவாய், அல்லது பழைய பொலிவிழந்த சேலைத் துண்டு போதும். திரையில் எலியின் உடம்பைத் தொட்டுவிட்டு எடுங்கள். மூலையில் ஒரு வெள்ளைத் தாள் தெரியட்டும். படத்தில் அந்தத் தாள் மஞ்சளாகத் தெரிந்தால் எலியும் அதே அளவு மஞ்சளாகியிருக்கிறது என்று நாங்கள் கழித்துக்கொள்வோம்.

இரண்டு பேரையும் ஒரே படத்தில் எடுங்கள். வெளிச்சம் பிழைத்தாலும் இருவருக்கும் ஒரேபோல் பிழைக்கும், சீனியோடு ஒப்பிட்டு மிளகைப் பார்க்கலாம். அப்புறம் விலாவில் முடியை விரலால் பிரித்து, அல்லது மெதுவாக ஊதி, அடி தெரிய ஒரு படம். மிக நெருங்கினால் கலங்கும், ஒரு சாண் தள்ளிப் பிடித்து 2x வைத்து எடுங்கள். ஒருவர் யோகட் தொட்ட விரலை நக்கக் கொடுத்துக்கொண்டிருந்தால் மற்றவர் எடுக்கலாம். இரவுப் படப் பயன்முறையும், முகத்தை மென்மையாக்குகிற எதுவும் வேண்டாம், அவை முடியின் விவரத்தை மழுக்கிவிடும். வட்ஸ்அப் வழியாக அனுப்பாமல் நேரே இங்கே ஏற்றுங்கள்.

சுரேன் (மட்டக்குளி)

இடையில் கேட்பதற்கு மன்னிக்கவும். எங்கள் வீட்டுக் கானுக்குப் பக்கத்தில் ஒரு குட்டி எலி தனியாகக் கிடந்தது, எடுத்து பெட்டியில் வைத்திருக்கிறேன். படம் போட்டிருக்கிறேன். பொன்னிறப் பழுப்பு, கறுப்பு தூவல், வயிறு வெளிறியது. அக்கா சொன்னது அத்தனையும் பொருந்துது. அப்போ இது யாரோ வளர்த்த அகூட்டி தப்பி வந்ததா? என்ன விலை போகும்?

பாத்திமா (தெஹிவளை)

சுரேன், அகூட்டி என்பதே காட்டு எலியின் நிறம். வளர்ப்பு எலிக்கும் கானில் ஓடுகிற எலிக்கும் அந்த நிறம் பொது. நிறத்தை வைத்து வளர்ப்பு என்று சொல்லவே முடியாது. ஹூடட் ஒன்றைக் கானில் கண்டிருந்தால் அது வேறு கதை.

உங்கள் படத்தில் வாலைப் பாருங்கள். தலையும் உடம்பும் சேர்ந்த நீளத்தை விட வால் நீளமாக இருக்கிறது, காதும் பெரியது, மெல்லியது. அது கூரையில் ஏறுகிற வீட்டு எலியின் அடையாளம். கடையில் விற்கிற எலிகள் வேறு இனம், அவற்றின் வால் உடம்பை விடக் குட்டை, காதும் சிறியது. குட்டிகளில் அளவு கொஞ்சம் ஏமாற்றும் என்றாலும் உங்கள் படத்தில் வித்தியாசம் தெளிவு.

வெறுங்கையால் தொடாதீர்கள். மழைக்காலத்தில் எலிக்காய்ச்சல் எப்படிக் கூடும் என்று உங்களுக்கே தெரியும், அது எலியின் சிறுநீரால் பரவுவது. கையில் கீறல் இருந்தால் இன்னும் கவனம். வளர்ப்பு எலி உள்ள யாரிடமும் அதைக் கொண்டுபோக வேண்டாம். காய்ச்சல், தசைநோ வந்தால் எலி தொட்டதை வைத்தியரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

சேர் (பம்பலப்பிட்டி)

நான் உயிரியல் படிப்பித்து ஓய்வு பெற்றவன். நிறத்தைப் படத்தில் பார்ப்பதோடு பெற்றோரையும் விசாரித்தால் கெதியில் முடிவுக்கு வரலாம். அகூட்டி ஆட்சியான பண்பு, கறுப்பு பின்னிடைவானது. தாயும் தகப்பனும் கறுப்பென்றால் அகூட்டிக் குட்டி பிறக்க வழியில்லை. நிரோஷா மகள், கடையில் மிளகின் பெற்றோரைப் பற்றிக் கேட்க முடியுமா?

நிரோஷா (வெள்ளவத்தை)

கேட்டேன் சேர். தகப்பன் கறுப்பு ஹூடட்டாம். தாய் முழு வெள்ளை, சிவப்புக் கண். அப்போ தாய் அகூட்டி இல்லைதானே, மிளகு கறுப்பு என்று முடிவு செய்யலாமா?

சேர் (பம்பலப்பிட்டி)

முடியாது மகள். சிவப்புக் கண் வெள்ளை என்பது அல்பினோ. அதன் உடம்பில் நிறமியே உருவாகாது, ஆனால் உள்ளே அது அகூட்டியாக இருக்கலாம், கறுப்பாக இருக்கலாம், ஹூடட்டாகவும் இருக்கலாம். வெளியே ஒன்றும் தெரியாது.

இதற்கு நல்ல உதாரணம் ஒன்று உண்டு. 1915இல் கலிபோர்னியாவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் லோங், எவன்ஸ் என்ற இருவர், அல்பினோப் பெட்டை எலிகளை அங்கே பிடித்த காட்டுக் கடுவனோடு சேர்த்தார்கள். அந்த வழியில் வந்ததுதான் இன்றும் ஆய்வுகூடங்களில் இருக்கிற லோங்-எவன்ஸ் எலி. பெரும்பாலும் கறுப்பு ஹூடட். தகப்பன் பக்கம் காட்டு நிறம், தாய் பக்கம் வெள்ளை, ஆனால் பரம்பரையில் நிற்பது கறுப்பும் ஹூடட்டும். அல்பினோவுக்குள் என்ன ஒளிந்திருந்தது என்று விளங்கும்.

பெர்க்‌ஷயர் பற்றிப் பாத்திமா சொன்னது தகப்பனோடு பொருந்துகிறது. ஹூடட் பின்னிடைவானது. ஹூடட் தகப்பனிடமிருந்து அந்த மரபணுவின் ஒரு பிரதியாவது மிளகுக்குக் கட்டாயம் வந்திருக்கும். ஒரே பிரதி உள்ள எலிகள் பலவேளைகளில் முதுகில் முழு நிறமும் வயிற்றில் வெள்ளையுமாக இருக்கும்.

நிரோஷா (வெள்ளவத்தை)

நன்றி சேர். புதுப் படங்கள் எடுத்துவிட்டேன். இன்று காலை மழை இருட்டு, யன்னல் பக்கம் சாம்பல் துவாய், தாளும் வைத்தேன். தம்பி யோகட் கொடுத்தான். ஐந்தாவது இருவரும் பக்கத்தில் பக்கத்தில். ஆறாவது சீனியின் தோள், ஊதி எடுத்தது. ஏழாவது மிளகின் விலா, விரலால் பிரித்து. எட்டாவது மிளகின் முதுகு மேலிருந்து.

பாத்திமா (தெஹிவளை)

அருமையான படங்கள். எல்லோரும் ஆறாவதையும் ஏழாவதையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வைத்துப் பாருங்கள்.

சீனியின் முடி ஊதின இடத்தில் வளையம் வளையமாக விரிகிறது. தோலுக்குப் பக்கத்தில் சிலேட் சாம்பல், அதற்கு மேல் ஒரு பொன் பட்டை, நுனியில் கறுப்பு. இடையில் நீளமான கறுப்பு முடிகள் தனித்தனியாக நிற்கின்றன. தூரத்தில் பார்க்கும்போது தூவியதுபோலத் தெரிவது இதனால்தான். ஒரே முடியில் மூன்று நிறம், இதுதான் அகூட்டி.

மிளகின் முடியில் பட்டை இல்லை. தோலுக்குப் பக்கத்தில் இருட்டு, அங்கிருந்து நுனிக்குப் போகப் போகச் செம்பழுப்பாக வெளிறுகிறது. மாற்றம் ஒரே திசையில். பொன் வந்து மறுபடி கறுப்பு வருகிற இடமே கிடையாது. இது கறுப்பு எலி. முடி பழசாகிச் செம்பட்டை அடித்திருக்கிறது.

எட்டாவது படம் இதை இன்னும் உறுதியாக்குகிறது. இடுப்புக்கு மேலே வலப் பக்கம் ஒரு கரும் திட்டு, ஓரம் கோடு போட்டதுபோல. அங்கே பழைய முடி உதிர்ந்து புது முடி முளைத்திருக்கிறது, புதுசு கறுப்பாகவே வருகிறது. ஐந்தாவதில் மிளகின் முகமும் கறுப்பாகவே நிற்பதைப் பாருங்கள், பக்கத்தில் சீனியின் முகம் பொன்தூவல். ஒரே வெளிச்சம், ஒரே படம்.

ஆக என் கணிப்பு: சீனி அகூட்டி ஹூடட், மிளகு கறுப்பு பெர்க்‌ஷயர்.

திலக்‌ஷன்

அக்கா, மின்க்கும் முடி உதிரும்போது திட்டுத்திட்டாக வரும். கரும் திட்டு இருப்பதால் மட்டும் கறுப்பு என்று சொல்லலாமா?

பாத்திமா (தெஹிவளை)

திட்டு இருப்பதை வைத்துச் சொல்லவில்லை, திட்டு என்ன நிறம் என்பதை வைத்துச் சொல்கிறேன். நீ சொல்வது உண்மை, மின்க்கும் சீராக இராது. ஆனால் மின்க்கின் புது முடியும் சாம்பல் பழுப்பாகத்தான் வரும், முகமும் பாதத்து முடியும் அதே நிறம். மிளகின் முகம் கறுப்பு. முதலாம் படத்தில் நீ கண்ட நீல மினுக்கம் இரவு வெளிச்சத்தின் கோளாறால் வந்திருக்கலாம், கட்டிலின் மற்றப் பக்கம் இருக்கிற தலையணையிலும் அதே நீலம் இருக்கிறது.

திலக்‌ஷன்

தலையணையைக் கவனித்தேன், சரி. ஆனால் ஏழாவது படத்தில் முடியின் அடி நல்ல கறுப்பாக எனக்குத் தெரியவில்லை, அடர் சாம்பல் மாதிரி இருக்கு. முழுசாக முடி மாறிய பிறகு ஒரு படம் பார்க்கும்வரை நான் கறுப்பு என்று எழுத மாட்டேன்.

பாத்திமா (தெஹிவளை)

அது நியாயம். விரலின் நிழலா, அடி முடியே அப்படியா என்று அந்த ஒரு படத்தில் என்னாலும் பிரிக்க முடியவில்லை. முடி மாறியதும் நிரோஷா இன்னொன்று போடட்டும்.

நிரோஷா (வெள்ளவத்தை)

கட்டாயம் போடுகிறேன். செம்பட்டை ஏன் வந்தது? பல்கனியில் காலை வெயில் படும் இடத்தில்தான் கூடு இருக்கிறது. சாப்பாட்டில் ஏதும் குறையா? அத்தோடு நாலாவது படத்தில் கண் சிவப்பாகத் தெரிகிறதே, அது என்ன?

ரவி (கொட்டாஞ்சேனை)

வெயில்தான் காரணம். கடற்கரையில் ஓடித் திரிகிற பிள்ளைகளின் தலைமுடி செம்பட்டையாகிறது அல்லவா, அதுதான்.

பாத்திமா (தெஹிவளை)

வெயிலுக்குப் பங்கு இருக்கலாம், ஆனால் வெயிலே காணாமல் அறைக்குள் வளர்ந்த கறுப்பு எலிகளும் செம்பட்டை அடித்ததைப் பார்த்திருக்கிறேன். முடி உதிர்வதற்கு முன்னும், வயது போகப் போகவும் கூடுதலாக வருகிறது. புரதம் குறைந்தால் வரும் என்று சிலர் முட்டையும் பயறும் கூட்டிக் கொடுப்பார்கள், சிலர் கூடினால்தான் வரும் என்பார்கள். வளர்ப்பவர்களுக்குள் இது தீராத வாதம். மிளகு நன்றாகச் சாப்பிட்டு, எடை குறையாமல், தோல் சொறி இல்லாமல் இருந்தால் நிறத்துக்காக மட்டும் சாப்பாட்டை மாற்ற வேண்டாம். கூட்டை மட்டும் உள்ளே எடுங்கள், நிறத்துக்காக இல்லை. எலிக்குக் கொழும்பு வெயிலின் சூடு ஆகாது.

கண்ணை ஃபிளாஷ் படத்தில் பார்க்கவே கூடாது. கறுப்புக் கண்ணிலும் ஃபிளாஷ் உள்ளே பட்டுச் சிவப்பாகத் திரும்பி வரும். மங்கலான அறையில் அடர்சிவப்புக் கண் கறுப்பாகவும் தெரியும். பகல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி ஒரு படம் எடுத்தால் போதும். அப்போதும் உள்ளே கருஞ்சிவப்பு தெரிந்தால் நான் சொன்னதையெல்லாம் திரும்ப யோசிக்க வேண்டும், ஏனென்றால் கறுப்புக்கும் மின்க்குக்கும் கண் கறுப்புத்தான், சிவப்புக் கண் உள்ள பழுப்பு நிறங்கள் வேறு.

நிரோஷா (வெள்ளவத்தை)

ஒன்பதாவது படம் இப்போதுதான் எடுத்தேன், யன்னல் பக்கவாட்டில். கண் கறுப்பு.

நண்பியின் கடுவன் கறுப்பு ஹூடட். அப்போ குட்டிகள்?

சேர் (பம்பலப்பிட்டி)

மிளகு உண்மையில் கறுப்பு என்றால் குட்டி ஒன்றும் அகூட்டியாக வராது. ஒரு அகூட்டிக் குட்டி பிறந்தாலே, தகப்பன் கறுப்பாக இருக்கும்போது, மிளகு அகூட்டி என்று தெரிந்துவிடும். உடம்பின் கோலத்தில், மிளகுக்கு ஹூடட் ஒரு பிரதி என்று கொண்டால் ஏறத்தாழப் பாதி ஹூடட், பாதி மிளகைப் போல. அல்பினோ வருமா என்றும் கேளுங்கள். மிளகின் தாய் அல்பினோ, ஆகவே மிளகிடம் அது ஒளிந்திருப்பது நிச்சயம். கடுவனிடமும் இருந்தால் நாலில் ஒரு பங்கு வெள்ளையாகலாம்.

ரவி (கொட்டாஞ்சேனை)

என் கடுவனின் படமும் போடுகிறேன். ஹூடட் என்று வாங்கினேன், ஆனால் முதுகுக் கோடு நடுவில் அறுந்து இரண்டு புள்ளியாக நிற்கிறது. வெள்ளைப் பகுதி முதுகில் மஞ்சளாகவும் இருக்கிறது. இது ஹூடட்தானா, இல்லை வேறு பெயரா?

பாத்திமா (தெஹிவளை)

ஹூடட்தான். கோடு அறாமல் வால்வரை ஓடவேண்டும் என்பது கண்காட்சிக்காரர் விதி. இங்கிலாந்து எலிச் சங்கத்தின் விதியில் கோட்டின் அகலம் கால் அங்குலத்திலிருந்து அரை அங்குலம் வரை. வீட்டு எலிகளில் அறுந்த கோடு, வளைந்த கோடு, அகன்ற கோடு எல்லாம் சாதாரணம். கோடே இல்லாமல் நிறம் தோளோடு முடிந்தால் அதை ‘பெயர்பேக்’ என்பார்கள், நிறம் காதோடு நின்றுவிட்டால் கேப்ட். உன்னுடையதற்கு இரண்டு புள்ளியாவது இருக்கிறது, ஆகவே ஹூடட் என்றே எழுதலாம்.

அந்த மஞ்சள் முடியின் நிறம் அல்ல தம்பி. வயது வந்த கடுவன்களின் முதுகில் எண்ணெய்ப்பசை சுரந்து மஞ்சளாகப் படியும். வெள்ளை இருக்கிற எலியில் அது நன்றாகத் தெரியும், கிரீம் நிறம் என்று பலர் பெயர் வைத்துவிடுவார்கள். வெதுவெதுப்பான ஈரத்துணியால் முடி போகிற திசையில் துடைத்துப் பாருங்கள், கொஞ்சமாவது வெளுக்கும்.

சேர் (பம்பலப்பிட்டி)

கோட்டின் அகலம் பற்றி ஒரு சேதி. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹார்வார்டில் வில்லியம் காசில் என்பவர் ஹூடட் எலிகளை இரண்டு பக்கமாகத் தெரிவு செய்து பெருக்கினார். ஒரு பக்கம் ஒவ்வொரு தலைமுறையிலும் கோடு அகன்றவை, மறுபக்கம் குறுகியவை. கடைசியில் ஒரு பக்கம் ஏறத்தாழ முழு உடம்பும் நிறமாகவும், மறுபக்கம் தலையில் மட்டும் நிறமாகவும் வந்துவிட்டன. இரண்டும் ஹூடட் மரபணு உள்ளவையே. படத்தில் பெர்க்‌ஷயருக்கும் மிக அகன்ற கோட்டு ஹூடட்டுக்கும் இடையில் தடுமாறுவது ஏன் என்று இதில் விளங்கும்.

ரவி (கொட்டாஞ்சேனை)

அப்போ மிளகே அப்படி மிக அகன்ற ஹூடட்டாக இருக்கலாமா சேர்?

சேர் (பம்பலப்பிட்டி)

படத்தை மட்டும் வைத்து இல்லை என்று சொல்ல முடியாது. முதுகில் வெள்ளை துளியும் இல்லை, விலா ஓரம் இரு பக்கமும் நேராக ஓடுகிறது, ஆகவே பெர்க்‌ஷயர் என்பதே பொருத்தம். நண்பியின் ஹூடட் கடுவனோடு சேர்ந்து ஒரு ஈட்டில் எல்லாக் குட்டியும் ஹூடட்டாகவே வந்தால் நான் மறுபடி யோசிப்பேன்.

நிரோஷா (வெள்ளவத்தை)

நண்பியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சேர்ப்பதற்கு இன்னும் யோசிக்கிறாள், ஒரு ஈட்டில் பத்துப் பன்னிரண்டு வரலாம் என்றதும் வீடு தேடுவது யார் என்று பயந்துவிட்டாள். மிளகின் முடி முழுசாக மாறியதும் அதே துவாயில் அதே யன்னலில் எடுத்து திலக்‌ஷனுக்காகவே அடி முடி தெரியப் போடுகிறேன்.